சாம்பாரில் எவ்வளவு பருப்பு?

தசை வளர்க்க விரும்புகிறவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் தேவை என்பது அவருடைய உடல் எடையைப் பொறுத்தது. உடற்பயிற்சி எதுவும் செய்யாத, ஆரோக்கியமான பெரியவருக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் பரிந்துரைத்தன. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளொன்றுக்கு 50 கிராம். வாரத்தில் மூன்று நான்கு நாள் எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவருக்கு இந்த அளவு போதாது. 49 ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து அலசிய கட்டுரை ஒன்று 2018-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளிவந்தது. கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் வரை புரதம் கூடக் கூடத் தசையும் கூடுகிறது, அதற்கு மேல் சாப்பிடுவதால் சராசரியாகப் பெரிய பலன் தெரியவில்லை என்பது அதன் முடிவு. அந்தக் கணக்கில் அதே 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்கு 96 கிராம் வேண்டும்.

ஆக, வழக்கமான தேவைக்கும் தசைக்கான தேவைக்கும் இடையே 46 கிராம் இடைவெளி இருக்கிறது. ஜிம்முக்குப் போகத் தொடங்கிய சைவ இளைஞர்கள் பலரும் மாவு டப்பா வாங்குவது இந்த இடைவெளியை நிரப்பத்தான். பருப்பும் பாலும், சாப்பிடும் பழக்கம் இருந்தால் முட்டையும் அந்த வேலையைச் செய்யுமா என்பதற்கு விடை அடுப்படி அளவுகளில் இருக்கிறது.

ஆழாக்குப் பருப்பு

சைவ வீடுகளில் புரதம் என்றதும் சொல்லப்படும் முதல் பதில் பருப்பு. பதில் சரிதான். துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, உளுந்து, கடலைப்பருப்பு, கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு 20 முதல் 24 கிராம் வரை புரதம் உண்டு. ஆனால் இது வேகாத பருப்பின் கணக்கு. வெந்த பருப்பு தண்ணீரை இழுத்து இரண்டரை மூன்று மடங்கு எடையாகிவிடுகிறது. அதனால் 100 கிராம் வெந்த பருப்பில் 7 முதல் 9 கிராம் புரதமே இருக்கும். இணையத்தில் பார்த்த வேகாத பருப்பின் எண்ணைத் தட்டிலிருக்கும் வெந்த பருப்புக்குப் பொருத்தி, மூன்று மடங்கு புரதம் சாப்பிட்டதாக நம்புகிறவர்கள் நிறையப் பேர்.

நான்கு பேர் இருக்கும் வீட்டில் காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்துச் சாம்பார் வைக்க ஓர் ஆழாக்குத் துவரம்பருப்பு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆழாக்குப் பருப்பின் எடை ஏறக்குறைய 130 கிராம். அதிலுள்ள மொத்தப் புரதம் 29 கிராம். நான்கால் வகுத்தால் ஒருவருக்கு 7 கிராம் சொச்சம். அதுவும் சமமாகப் பங்கிட்டால்தான். மசிந்த பருப்பு பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்காமல் மேலாக ஊற்றிக்கொள்கிறவருக்குப் புளித்தண்ணீரும் முருங்கைக்காயும்தான் வரும். கடைசியில் சாப்பிடுகிறவருக்கு அடிக்குழம்பு கிடைக்கும். பருப்பு வெந்த தெளிவை இறுத்து ரசம் வைத்தால் ருசி வரும், புரதம் சொல்லும்படி வராது.

இதே வீட்டில் 60 கிலோ எடையுள்ள ஓர் இளைஞர் ஒரு நாள் சாப்பிடுவதைக் கூட்டிப் பார்க்கலாம். காலையில் நான்கு இட்லியும் சாம்பாரும், ஒரு டம்ளர் காபியும். இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்ந்து 7 கிராம், சாம்பாரில் 3, காபியிலுள்ள பாலில் 3. மதியம் 100 கிராம் அரிசி வடித்த சோற்றில் 7, சாம்பாரில் 4, பொரியலில் 2, ஒரு கரண்டித் தயிரில் 3. மாலையில் டீயும் பஜ்ஜியும் சேர்ந்து 5. இரவில் மூன்று தோசையும் சட்னியும் 11. மொத்தம் 45 கிராம். பயிற்சியே செய்யாத ஆளுக்குச் சொல்லப்பட்ட 50-ஐக் கூட இது தொடவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட நாள்தான் இது. அந்த வயிற்றை நிரப்பியது பெரும்பாலும் அரிசி.

பருப்பின் எல்லை

அப்படியானால் பருப்பை இரட்டிப்பாக்கினால் போதுமா? பாதி வழிக்குப் போதும். முழு வழிக்கும் பருப்பை மட்டும் நம்புவதில் சில சிக்கல்கள் இருக்கின்றன.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அவற்றில் ஒன்பதை உடலால் தானே செய்துகொள்ள முடியாது, உணவிலிருந்துதான் வர வேண்டும். பருப்பில் லைசின் என்ற அமிலம் தாராளமாக இருக்கிறது, மெத்தியோனின் குறைவு. அரிசி, கோதுமையில் இது தலைகீழ். இட்லியும் பொங்கலும் அடையும் பருப்புச் சாதமும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும் சேர்க்கைகள். இரண்டும் ஒரே வேளையில் வந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஒரே நாளுக்குள் வந்தால் போதும். ஆகையால் அமினோ அமிலக் குறைபாட்டைக் காட்டிப் பருப்பை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் விகிதம் முக்கியம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தானியம் மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு, பால் இரண்டரைப் பங்கு என்ற சேர்க்கையைச் சொல்கிறது. மேலே பார்த்த வீட்டுச் சாப்பாட்டில் தானியத்தின் பங்கு இதைவிட மிக அதிகம்.

இரண்டாவது சிக்கல் செரிமானம். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆய்வகத்தினர் இந்தியர்களின் உடலிலேயே இதை அளந்திருக்கிறார்கள். கொண்டைக்கடலையின் அத்தியாவசிய அமினோ அமிலங்களில் ஏறக்குறைய 75 சதவீதமும், தோலுள்ள பச்சைப்பயறில் 63 சதவீதமுமே உடலில் சேர்ந்தன. முட்டையில் அது 89 சதவீதம். தோலை நீக்கியபோது பயறின் அளவு 71 வரை உயர்ந்தது. உமிழ்ந்துவிடும் அளவுக்குப் பயறு மோசம் என்பது இதன் பொருள் அல்ல. எண்ணிக்கையில் 20 கிராம் என்று எழுதியிருந்தாலும் கைக்கு வருவது 14, 15 கிராம் என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் குழைய வேகவைப்பது இங்கே உதவும். செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் வெப்பத்தில் செயலிழக்கின்றன. வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறிய தண்ணீரோடு போய்விடும். முளைகட்டிய பயறைப் பச்சையாகத் தின்பதைவிட ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுவது வயிற்றுக்கு நல்லது.

மூன்றாவது, கொள்ளளவு. 25 கிராம் புரதத்தைத் துவரம்பருப்பிலிருந்து மட்டும் எடுக்க வேண்டுமானால் வேகாத பருப்பு 110 கிராமுக்கு மேல் வேண்டும். வெந்தால் அது ஒரு பெரிய கிண்ணம். அதோடு 65 கிராம் மாவுச்சத்தும் 370 கலோரியும் கூடவே வரும். எடை ஏற வேண்டிய ஒல்லியானவருக்கு இது வரவு. தொந்தியைக் குறைத்துக்கொண்டே தசையைக் காக்க நினைக்கிறவருக்கு இது இடைஞ்சல். முட்டையும் பாலும் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

பருப்பு வகையிலேயே இந்தச் சிக்கலுக்குப் பெரிதும் விலக்கானது சோயா. எண்ணெய் எடுத்த சோயா மாவிலிருந்து செய்யப்படும் மீல் மேக்கரில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம். அமினோ அமிலங்களின் தரத்தில் பாலுக்குப் பக்கத்தில் வருவது இது. ஒரு கைப்பிடி உலர்ந்த உருண்டை, அதாவது 35 கிராம், 18 கிராம் புரதம் தரும். மளிகைக் கடையில் இதைவிட மலிவாகப் புரதம் கிடைக்காது. வேர்க்கடலையிலும் 100 கிராமுக்கு 25 கிராம் இருக்கிறது, ஆனால் அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட எண்ணெய் என்பதால் அதைப் புரதத்துக்காக அள்ளிச் சாப்பிட முடியாது.

முட்டை

முட்டை சாப்பிடும் சைவர்களுக்குக் கணக்கு எளிது. நடுத்தரக் கோழிமுட்டை ஒன்றில் 6 கிராம் புரதம். வெள்ளைக்கருவில் மூன்றரை கிராமுக்குச் சற்றுக் கூடுதல், மீதி மஞ்சள்கருவில். தசைக்கு வெள்ளைக்கருதான் என்று நினைத்து மஞ்சளை வீசுகிறவர் முட்டையின் புரதத்தில் நாற்பது சதவீதத்தை வீசுகிறார். வைட்டமின் ஏ, டி சத்துகளும் அதோடு போகின்றன. பயிற்சி முடிந்ததும் முழு முட்டை சாப்பிட்டவர்களின் தசையில், அதே அளவு புரதத்தை வெள்ளைக்கருவாக மட்டும் சாப்பிட்டவர்களைவிடப் புதிய புரதம் கூடுதலாக உருவானதை 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நீரிழிவும் இதய நோயும் உள்ளவர்கள் மஞ்சள்கருவின் எண்ணிக்கையை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கும் பழக்கம் இன்னும் சில பயிற்சிக்கூடங்களில் இருக்கிறது. பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998-இல் இதைச் சோதித்தார்கள். சிறுகுடலின் முனையை வயிற்றின் வெளியே திறந்துவிடும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு முட்டை கொடுத்து, செரிக்காமல் வெளியே வந்ததை அளந்தார்கள். வேகவைத்த முட்டையின் புரதத்தில் 91 சதவீதம் செரித்தது. பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். நான்கு முட்டையைப் பச்சையாகக் குடிக்கிறவருக்குக் கிடைப்பது இரண்டு அவித்த முட்டையின் பலனைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. கூடவே சால்மோனெல்லா கிருமியின் ஆபத்தும் உண்டு. எட்டு நிமிடம் அவிப்பதற்குச் சோம்பல் படுவதால் வரும் நஷ்டம் இது.

பாலும் பனீரும்

பாக்கெட் பாலில் 100 மில்லிக்கு மூன்று கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகப் புரதம் இருக்கிறது. கொழுப்பு அதிகமான ஆரஞ்சு பாக்கெட்டுக்கும் கொழுப்பு குறைந்த நீல பாக்கெட்டுக்கும் புரதத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. கொழுப்பும் விலையும்தான் மாறுகின்றன. தயிரிலும் ஏறக்குறைய இதே அளவு. மோராக நீர் விளாவினால் விளாவிய அளவுக்குக் குறையும். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது, ஏனென்றால் பால்சர்க்கரையின் ஒரு பகுதியை உறையின் நுண்ணுயிர்கள் முன்பே தின்றுவிடுகின்றன.

பாலின் புரதத்தில் எண்பது சதவீதம் கேசின், இருபது சதவீதம் வே. கடையில் டப்பாவில் விற்கும் வே மாவு பால்கட்டித் தொழிலின் உபபொருள். ரென்னெட் என்ற நொதியால் பாலைத் திரித்துக் கேசினைப் பால்கட்டியாக்கியபின் மிஞ்சும் நீரில் வே புரதம் கரைந்திருக்கும். அதை நுண்ணிய சவ்வுகளில் வடிகட்டிச் செறிவாக்கி, சூடான காற்றில் தூவி உலர்த்தினால் மாவு கிடைக்கும்.

இதைக் கேள்விப்பட்டு வீட்டில் பனீர் செய்த தண்ணீரைப் புரத பானம் என்று குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு தவறு நேர்ந்துவிடுகிறது. பனீர் செய்யும்போது பால் முதலில் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் வே புரதம் உருக்குலைந்து கேசினோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு எலுமிச்சைச் சாறு பட்டுத் திரியும்போது அதன் பெரும்பகுதி பனீர்க் கட்டிக்குள்ளேயே போய்விடுகிறது. மிஞ்சும் இளம்பச்சை நிறத் தண்ணீரில் 100 மில்லிக்கு அரை கிராம் புரதம்கூடத் தேறுவது அரிது. பால்சர்க்கரையும் தாது உப்புகளும் இருப்பதால் அதைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளலாம். புரதம் பனீரில் இருக்கிறது. 100 கிராம் பனீருக்கு 18 கிராம். அதே 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் கொழுப்பும் இருப்பதால் அளவோடுதான் சாப்பிட முடியும்.

பலர் மறந்துவிடும் பொருள் ஒன்று இருக்கிறது. கொழுப்பு நீக்கிய சாதாரணப் பால் பவுடர். 100 கிராமில் 35 கிராம் புரதம், கொழுப்பு அநேகமாக இல்லை. 50 கிராம் பவுடரைத் தயிரிலோ பாலிலோ கலக்கினால் 17 கிராமுக்கு மேல் புரதம் சேரும். காபிக்குக் கலக்கும் சர்க்கரை சேர்த்த வெள்ளைப் பவுடர்கள் இதில் சேராது. உறையில் 'ஸ்கிம்டு மில்க் பவுடர்' என்று இருக்க வேண்டும்.

மாற்றி அமைத்த ஒரு நாள்

45 கிராமில் நின்ற அதே இளைஞரின் நாளை இப்போது மாற்றிப் பார்க்கலாம். வீட்டில் தனிச் சமையல் வேண்டாம், இருக்கும் சமையலில் விகிதம் மாறினால் போதும்.

காலையில் இட்லி மூன்றாகக் குறைகிறது, பக்கத்தில் மூன்று அவித்த முட்டை வருகிறது. சாம்பார் கெட்டியாகிறது. காபிக்குப் பதிலாகவோ கூடவோ 200 மில்லி பால். இட்லி 5, முட்டை 18, சாம்பார் 4, பால் 6 என 33 கிராம். மதியம் சோறு முக்கால் பங்காகிறது. சாம்பாரின் இடத்தை ஒரு நபருக்கு 50 கிராம் பருப்பு போட்ட கீரைக்கூட்டு பிடிக்கிறது. பாசிப்பருப்பில் வைத்தால் சீக்கிரம் வெந்து எளிதாகச் செரிக்கும். ஒரு கரண்டித் தயிர் ஒரு கிண்ணமாகிறது, அதாவது 200 கிராம். சோறு 5, கூட்டு 11, பொரியல் 2, தயிர் 6 என 24 கிராம். மாலையில் பஜ்ஜி போய், 50 கிராம் கொண்டைக்கடலையில் செய்த சுண்டல் வருகிறது. டீயோடு சேர்த்து 12 கிராம். பயிற்சி முடித்து வந்தபின் இரவில் மூன்று சப்பாத்தி, 75 கிராம் பனீர் போட்ட குருமா, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். சப்பாத்தி 8, பனீர் 14, பால் 6 என 28 கிராம். மொத்தம் 97.

தேவை 96. எந்த டப்பாவும் திறக்கவில்லை. முட்டை சாப்பிடாத வீட்டில் அந்த 18 கிராமுக்கு 35 கிராம் மீல் மேக்கரைக் குருமாவில் போடலாம், அல்லது 50 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் காலைப் பாலிலும் மதியத் தயிரிலும் பிரித்துக் கலக்கலாம்.

இந்தப் பங்கீட்டில் கவனிக்க வேண்டியது, புரதம் மூன்று பெரிய வேளைகளிலும் 24 முதல் 33 கிராம் வரை பரவியிருப்பது. தசையில் புதிய புரதம் உருவாகும் வேலையைத் தொடங்கிவைப்பது லியூசின் என்ற அமினோ அமிலம். ஒரு வேளையில் இரண்டரை கிராம் அளவுக்கு லியூசின் கிடைத்தால் அந்த வேலை நன்றாக நடக்கிறது என்பது பொதுவான கணக்கு. 100 கிராம் வே புரதத்தில் 10 கிராமுக்கு மேல் லியூசின் இருக்கிறது. பாலில் 9 முதல் 10, முட்டையில் 8 முதல் 9, பருப்பில் 7 முதல் 8. அதனால் ஒரு வேளையில் பருப்பு மட்டும் இருந்தால் அளவைக் கூட்ட வேண்டும், தயிரோ முட்டையோ சேர்ந்தால் அவ்வளவு தேவைப்படாது. காலையில் 10, மதியம் 15, இரவில் ஒரேயடியாக 70 என்று சாப்பிடுவதைவிட மூன்று வேளைக்கும் பரப்புவது புத்திசாலித்தனம்.

டப்பாவில் இருப்பது

வே மாவு நல்ல புரதம். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரு ஸ்கூப், அதாவது 30 கிராமுக்குச் சற்று அதிகமான மாவில், 24 கிராம் புரதம். கலோரி 120 அளவில்தான். வேகமாகச் செரித்து ஒரு மணி நேரத்துக்குள் அதன் அமினோ அமிலங்கள் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுகின்றன. ஆனால் வேகத்துக்கு விளம்பரங்கள் தரும் முக்கியத்துவத்தை ஆய்வுகள் தரவில்லை. பயிற்சி முடித்த அரை மணிக்குள் குடிக்காவிட்டால் பயிற்சியே வீண் என்று பயிற்சிக்கூடங்களில் சொல்வார்கள். இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான அலசல், நாள் முழுவதும் சாப்பிடும் மொத்தப் புரதத்தைச் சமமாக்கிப் பார்த்தால் நேரத்தின் பலன் மறைந்துவிடுகிறது என்றது. பயிற்சி செய்த தசை ஒரு நாளுக்கு மேலாகவே புரதத்தை ஏற்கத் தயாராக இருக்கிறது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு நிதானமாகச் சாப்பிடலாம்.

மூலம் முக்கியமா, மொத்தம் முக்கியமா என்பதற்கு பிரேசிலில் நடந்த ஆய்வு ஒன்று நல்ல விடை தருகிறது. பால், முட்டைகூடத் தொடாத 19 இளைஞர்களையும் அசைவம் சாப்பிடும் 19 இளைஞர்களையும் பன்னிரண்டு வாரம் கால் தசைகளுக்குப் பயிற்சி செய்ய வைத்தார்கள். இரு தரப்பும் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் எடுக்கும்படி, முதல் குழுவுக்குச் சோயா மாவும் இரண்டாம் குழுவுக்கு வே மாவும் கொடுத்து ஈடுகட்டினார்கள். தசையும் வலுவும் இரு குழுவிலும் ஒரே அளவில் கூடின. குறைந்ததை ஈடுகட்ட அங்கேயும் மாவு பயன்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மாவுக்குத் தனிச் சக்தி எதுவும் இல்லை, குறைந்த கிராமை நிரப்புவதுதான் அதன் வேலை.

அந்த வேலைக்கு அது வாங்கும் கூலி அதிகம். ஒரு கிலோ டப்பா மூவாயிரம் ரூபாய் என்றால் ஒரு ஸ்கூப்புக்கு ஏறக்குறைய நூறு ரூபாய். அதே 24 கிராம் புரதம் நான்கு முட்டையில் முப்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது. பாலில் நாற்பது ரூபாய் சுமாருக்கு, பருப்பில் இருபது ரூபாய்க்குள், மீல் மேக்கரில் அதற்கும் குறைவாக. விலைகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் இந்த வரிசை மாறுவதில்லை.

விலையைவிடக் கவலை தருவது டப்பாவுக்குள் இருப்பதன் நம்பகம். இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரத மாவுகளைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2024-இல் வெளிவந்தது. ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் எழுதிய புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீத மாதிரிகளில் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சினும் காணப்பட்டது.

இது எப்படி நடக்கிறது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஆய்வகத்தில் புரதத்தை அளக்கும் வழக்கமான முறை, மாதிரியிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. விலை மலிவான கிளைசின், டாரின் போன்றவற்றை மாவில் கலந்தால் எண் ஏறிவிடும், தசை கட்டும் புரதம் ஏறாது. 2008-இல் சீனாவில் பாலில் மெலமின் கலந்து குழந்தைகளைப் பலிவாங்கியவர்கள் பயன்படுத்தியதும் சோதனையின் இதே ஓட்டையைத்தான். ஆகவே லேபிளில் புரதத்தின் எண்ணோடு அமினோ அமிலப் பட்டியலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 24 கிராம் புரதம் என்று சொல்லும் ஸ்கூப்பில் லியூசின் இரண்டரை கிராம் அளவிலாவது இருக்க வேண்டும். சேர்மானங்களில் கிளைசினோ டாரினோ தனியாகப் போட்டிருந்தால் அந்த டப்பாவைத் திரும்ப வைத்துவிடலாம். குழந்தைகள் குடிக்கும் மால்ட் பானப் பொடிகளைப் புரத மாவாக நினைத்து வாங்குவதும் நடக்கிறது. அவற்றில் 100 கிராமுக்குப் பத்து கிராம் அளவில்தான் புரதம், இரண்டு கரண்டியில் இரண்டு மூன்று கிராம். மீதி பெரும்பாலும் மால்ட்டும் சர்க்கரையும்.

மாவு நியாயமாகத் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். 85 கிலோ எடையில் கடுமையாகப் பயிற்சி செய்யும் சைவருக்கு 136 கிராம் வேண்டும். முட்டையும் சாப்பிடாதவர் அவ்வளவையும் பருப்பிலும் பாலிலும் எடுக்க முயன்றால் வயிறு இடம் கொடுக்காது, கலோரியும் எல்லை தாண்டும். விடுதிச் சாப்பாட்டில் காலம் தள்ளும் மாணவர், வேலைக்காக ஊர் ஊராக அலைகிறவர், பசி குன்றிய முதியவர் ஆகியோருக்கும் ஒரு ஸ்கூப் உபயோகமானது. அவர்களுக்கும் அது சாப்பாட்டில் விட்டுப்போன இருபது இருபத்தைந்து கிராமை நிரப்பினால் போதும், சாப்பாட்டையே தள்ளிவிட வேண்டியதில்லை. தசைக்காகப் புரத மாவுகளைத் தவிர்க்கும்படி தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் பொதுமக்களுக்குச் சொல்லியிருக்கிறது.

சிறுநீரகம் நன்றாக இருக்கிறவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் கெடுதல் செய்வதாக ஆதாரம் இல்லை. சிறுநீரகம் முன்பே பழுதானவருக்கு நிலைமை வேறு, புரதத்தைக் கட்டுப்படுத்துவதே அவருக்குச் சிகிச்சையின் ஒரு பகுதி. நீரிழிவும் ரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக உள்ளவர்களுக்குச் சிறுநீரகப் பழுது வெளியே தெரியாமலே இருக்கக்கூடும். அவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் ரத்தத்தில் கிரியேட்டினினையும் சிறுநீரில் புரதக் கசிவையும் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

போதுமான புரதம் வருகிறதா என்பதைக் கண்ணாடியில் பார்த்துச் சொல்ல முடியாது. தூக்கும் எடை இரண்டு மூன்று மாதத்தில் படிப்படியாக ஏறுகிறதா, உடல் எடை மாதத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை கூடுகிறதா என்று குறித்துவர வேண்டும். இரண்டும் நின்றுவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மொத்தச் சாப்பாடு. கலோரி போதாதபோது உடல் புரதத்தையே எரிபொருளாக எரித்துவிடும். எடை மட்டும் ஏறி இடுப்புச் சுற்றளவும் ஏறினால், கூடியது தசை இல்லை.

புரத மாவு வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் மட்டும் வீட்டுச் சாப்பாட்டை அளந்து பார்க்க வேண்டும். சமையலறையில் வைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்தான். வேகாத பருப்பை அதில் நிறுத்து, வீட்டிலுள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒருவருக்கு எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு ஒருவருக்கு 80 கிராமுக்குக் கீழே இருந்தால், முதலில் கூட்ட வேண்டியது குக்கரில் போடும் பருப்பைத்தான்.